போன் வீடியோவை வெட்டினால் ஒலி விலகுகிறதா? எதை வைத்து மாற்றுவது, எப்போது மாற்றாமலே விடுவது

போன மாதம் ஈசூனில் இருக்கும் என் அத்தான் ஒரு வீடியோவை அனுப்பி, "தம்பி, இதுல என்ன தப்புன்னு பாரு" என்றார். சமூக மன்ற மேடையில் அக்கா மகள் ஆடிய வர்ணம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆண்ட்ராய்டு போனில் எடுத்தது, இருபது நிமிடம். போனில் பார்த்தால் எல்லாம் சரி. கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் டீச்சருக்கு அனுப்பலாமென்று மடிக்கணினியில் ஓர் எடிட்டரில் வெட்டியிருக்கிறார். வெட்டிய துண்டில் பிள்ளையின் கால் தரையில் விழுகிறது. நாலு விநாடி கழித்துத் தாளம் கேட்கிறது. பேச்சு வீடியோவாக இருந்தால் உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். நட்டுவாங்கத்துக்கு ஆடும் பிள்ளை தாளம் தப்பியதுபோலத் தெரிந்தால் எந்த அம்மா பொறுப்பார்?

அதற்குப் பிறகு இதே கேள்வி எனக்கு நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டது. எல்லாருக்கும் கோளாறு என்னவென்று ஓரளவு தெரிகிறது. "முதலில் கன்வர்ட் செய்" என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். எதில் செய்வது, செய்யத்தான் வேண்டுமா என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

## விலகல் எங்கிருந்து வருகிறது

போன் கேமரா விநாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் சரியாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்க வேண்டியிருப்பதால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போன் சூடேறினாலும் சில ஃபிரேம்கள் விட்டுப்போகலாம். இதைத்தான் மாறும் ஃபிரேம் ரேட் என்கிறோம். ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். போனின் பிளேயர் அதைப் படித்துக் காட்டுவதால் பிசகு தெரியாது. ஒலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது விநாடிக்கு 48,000 மாதிரி என்று ஒரே சீராக ஓடும்.

சில எடிட்டர்கள் அந்த நேரக்குறிப்பை மதிக்காமல் ஃபிரேம்களை எண்ணி, சம இடைவெளியில் அடுக்கிவிடுகின்றன. அங்கேதான் கோளாறு. "கன்வர்ட் செய்" என்பது, வெட்டும் முன்பே கோப்பைச் சம இடைவெளி உள்ள நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றச் சொல்வதுதான்.

அத்தானின் கோப்பையே எடுத்துக்கொள்வோம், எண்களைக் கொஞ்சம் முழுதாக்கி. முதல் 12 நிமிடம் மேடை வெளிச்சமாக இருந்தது, சீராக 30. அப்புறம் ஒரு கட்டத்துக்காக நீல விளக்கு மட்டும் வைத்து மற்றதைக் குறைத்தார்கள். 20 விநாடி போன் 24-க்கு இறங்கிவிட்டது. விநாடிக்கு 6 வீதம் 120 ஃபிரேம் குறைவு. பிறகு மறுபடி 30. ஆக 36,000 இருக்க வேண்டிய இடத்தில் 35,880 ஃபிரேம்.

எடிட்டர் எல்லாவற்றையும் 30 என்று எடுத்துக்கொண்டால் 12-வது நிமிடம் வரை பிசகே இல்லை. நீல விளக்கு போன பிறகு படம் 4 விநாடி முந்திவிடுகிறது. 15-வது நிமிடத்தில் கத்தரி வைத்தால் படத்துக்கு 27,000-வது ஃபிரேமை எடுக்கும். அது உண்மையில் 15:04-இல் நடந்தது. ஒலியை மட்டும் சரியாக 15:00-இலிருந்து எடுக்கும். வெட்டாமல் தொடக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததும், வெட்டியவருக்கு முதல் விநாடியிலேயே தப்பாகத் தெரிந்ததும் இதனால்தான். கடைசியில் படம் முடிந்து 4 விநாடி கறுப்புத் திரையில் கைதட்டல் கேட்டதும் இதே கணக்குத்தான்.

வேறு சில எடிட்டர்கள் சராசரியை எடுத்துக்கொள்ளும். 35,880 ஃபிரேமை 1,200 விநாடியால் வகுத்தால் 29.9. இது இன்னும் பொல்லாதது. தொடக்கமும் முடிவும் அச்சாகப் பொருந்தும். நடுவில் 12-வது நிமிடத்தில் படம் 2.4 விநாடி பிந்தியிருக்கும். 20 விநாடி கழித்து அதே படம் 1.5 விநாடி முந்தியிருக்கும். பிறகு மெல்லமெல்லச் சரியாகும். இப்படிப்பட்ட கோப்பில் ஒலியை இழுத்து நீட்டியோ சுருக்கியோ சரிசெய்ய முயல்பவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாலும் முடியாது. நீட்டல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடக்கிறது. விலகல் அப்படி நடக்கவில்லையே.

## முதலில் நோயைப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, உரை வடிவில் பாருங்கள். `Frame rate mode : Variable` என்று இருக்கும். உடனே பதற வேண்டாம். போனில் எடுத்த ஏறக்குறைய எல்லாக் கோப்பும் இப்படித்தான் சொல்லும். 29.98, 30.02 என்று துளித்துளியாக ஆடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. `Minimum frame rate` மட்டும் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள்; ஒரே ஒரு ஃபிரேம் தாமதமாக வந்திருந்தாலும் அந்த எண் படுத்துவிடும்.

பார்க்க வேண்டியது `Frame rate` வரியில் இருக்கும் சராசரி. அதை வைத்து எவ்வளவு விலகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்:

```
விலகல் = நீளம் × (1 − சராசரி ÷ 30)
1200 × (1 − 29.9 ÷ 30) = 4 விநாடி
```

உங்கள் கணக்கில் விடை 0.04 விநாடிக்குக் கீழே வந்தால் பேசாமல் வெட்டுங்கள். ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவிநாடியிலும், பிந்தினால் சுமார் 125 மில்லிவிநாடியிலும் மனிதர் கண்டுபிடிக்கத் தொடங்குகிறார் என்பது ஒளிபரப்புத் துறையில் வைத்திருக்கும் அளவு. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 33 மில்லிவிநாடி. ஆக, ஒன்றரை ஃபிரேம் விலகினால் கூர்மையான கண்ணுக்கு உறுத்தும். சராசரி 29.97 என்று வந்தால் சூத்திரத்தில் 30-க்குப் பதில் 29.97 போடுங்கள், சில போன்களின் இயல்பான வேகமே அதுதான்.

இன்னொன்று. விலகல் துண்டு முழுக்க ஒரே அளவாக, அதுவும் ஒரு விநாடிக்குள் இருந்து, முதல் நொடியில் படம் உறைந்து நின்றால், அது பெரும்பாலும் வேறு நோய். மறு என்கோடிங் இல்லாமல் வெட்டும் மென்பொருள், முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட கீஃபிரேம்களில் அருகிலுள்ள ஒன்றில்தான் வெட்ட முடியும் என்பதால் வருவது. அதற்கு இங்கே மருந்து தேடாதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று கேள்வி போதும். நடுவிலும் கடைசியிலும் ஒத்திசைவு நிற்குமா? படத்தின் தரம் எவ்வளவு போகும்? நேரமும் வட்டு இடமும் எவ்வளவு தின்னும்? நாலாவதாக, யார் செய்யப்போகிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டளை வரியைப் பார்த்தால் பயப்படும் அத்தானுக்கு ஒரு வழி, வாராவாரம் பத்துக் கோப்பு வரும் நடனப் பள்ளிக்கு ஒரு வழி.

| வழி | ஒத்திசைவு | தர இழப்பு | இடமும் நேரமும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| போனிலேயே வெட்டுதல் | சரியாக இருக்கும் | இல்லை அல்லது சொற்பம் | கிட்டத்தட்ட ஒன்றுமில்லை | ஒரே துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர் |
| ஹேண்ட்பிரேக் | அமைப்பு சரியென்றால் சரி | கண்ணுக்குத் தெரியாத அளவு | மிதம் | எப்போதாவது எடிட் செய்பவர் |
| எஃப்எஃப்எம்பெக் | சரி | கண்ணுக்குத் தெரியாத அளவு | மிதம் | நிறையக் கோப்பு வைத்திருப்பவர் |
| எடிட்டரே மாற்றித் தருவது | சரி | தெரிவைப் பொறுத்தது | வட்டு நிறைய வேண்டும் | வண்ணம், பல அடுக்கு என்று வேலை உள்ளவர் |

## போனிலேயே வெட்டுதல்

யாரும் இதைத் தெரிவுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் முதலில் வைக்கிறேன். போனின் கேலரியில் இருக்கும் வெட்டும் வசதி நேரக்குறிப்பைப் பாதுகாத்தே வெட்டுகிறது. அத்தானுக்கு வேண்டியது கடைசி ஐந்து நிமிடம் மட்டும்தானே? போனிலேயே வெட்டி அனுப்பியிருந்தால் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

மறைந்திருக்கும் செலவு: அந்தத் துண்டும் மாறும் ஃபிரேம் ரேட்தான். நாளைக்கு அதை எடிட்டரில் போட்டுத் தலைப்பு சேர்க்கலாம் என்று நினைத்தால் நோய் திரும்பி வரும். போனில் வெட்டும்போது அசலின் மேலேயே சேமித்துவிடாமல் நகலாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாகப் போனது மறுபடி அமுக்கப்பட்டிருக்கும். எடிட் செய்யப்போகிறவருக்கு ஆவணமாக இணைத்தோ கேபிளிலோ அசலைக் கொடுங்கள்.

## ஹேண்ட்பிரேக்

இலவசம், விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், பொத்தான் வைத்த மென்பொருள். பெரும்பாலானவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. விழுந்தவர்கள்தான் "கன்வர்ட் செய்தும் சரியாகலையே" என்று எழுதுகிறார்கள்.

ஆயத்தமாக வரும் 1080p30 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் `Video` தாவலில் `Peak Framerate` என்று இருக்கும். 30-க்கு மேல் போகக் கூடாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். கீழே இறங்கினால் இறங்கியபடியே விட்டுவிடும். கோப்பு புதிதாக உருவாகும், ஒரு மணி நேரம் போயிருக்கும், நோய் அப்படியே இருக்கும். அதை `Constant Framerate` என்று மாற்ற வேண்டும். பக்கத்தில் வேகத்தை `Same as source` என்று விடாமல் `30` என்று நீங்களே கொடுங்கள், இல்லாவிட்டால் 29.9 போன்ற ஒட்டாத எண் எடிட்டருக்குப் போய்ச் சேரலாம். போனில் 60-இல் எடுத்திருந்தால் 60 கொடுங்கள். 30 கொடுத்தால் பாதி ஃபிரேம் காணாமல் போய், ஜதியில் கால் மங்கலாகத் தாவும். தரத்துக்கு RF எண்ணை 18-க்குக் கொண்டுவருவேன். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். இந்த அமைப்பை ஒரு பெயரில் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை மறுபடி தேட வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் ஒருமுறை மறு என்கோடிங். எடிட்டர் ஏற்றுமதி செய்யும்போது இன்னொருமுறை. RF 18-இல் முதல் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. எச்டிஆர் வீடியோ என்றால் 8 பிட் x264 வேண்டாம், வெளுத்துப்போகும். 10 பிட் x265 எடுங்கள்.

மாற்றிய கோப்பில் அந்த நீல விளக்கு 20 விநாடி எப்படி இருக்கும் என்று அத்தான் கேட்டார். நல்ல கேள்வி. போன் எடுக்காத ஃபிரேமை யாராலும் கொண்டுவர முடியாது. 24-ஐ 30 ஆக்க, நாலு ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டித்துப் போடும். கூர்ந்து பார்த்தால் மெல்லிய தடுக்கல் தெரியும். தாளம் மட்டும் கால் விழும் இடத்திலேயே விழும்.

## எஃப்எஃப்எம்பெக்

கட்டளை வரியில் ஓடும் இலவசக் கருவி. ஹேண்ட்பிரேக் செய்வதையே ஒரு வரியில்:

```
ffmpeg -i varnam.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k varnam_30.mp4
```

`fps=30` என்ற வடிகட்டி ஒவ்வொரு ஃபிரேமின் நேரக்குறிப்பையும் படித்து, குறைந்த இடத்தில் இரட்டிக்கும், கூடிய இடத்தில் கழிக்கும். இது தேவை. இரண்டு தவறான வடிவங்கள் எங்கும் புழக்கத்தில் இருப்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, `-r 30` என்பதை `-i`-க்கு முன்னால் எழுதுவது. அங்கே எழுதினால் கோப்பின் நேரக்குறிப்பைத் தூக்கியெறிந்துவிட்டு 30 என்றே எண்ணிக்கொள் என்று பொருள். அதாவது எடிட்டர் செய்த அதே பிழையை நாமே கையால் செய்கிறோம், நாலு விநாடி விலகல் நிரந்தரமாகிவிடும். இன்னொன்று, வேகம் கருதி `-c copy` போடுவது. நகலெடுக்கும்போது ஃபிரேமை இரட்டிக்க வழியில்லை. அதனால் இரண்டு நிமிடத்தில் முடியும், எதுவும் மாறியிருக்காது.

இதன் லாபம் எண்ணிக்கையில்தான். நவராத்திரிக்குப் பிறகு எனக்கு ஒருமுறை 26 துண்டுகள் வந்தன. ஹேண்ட்பிரேக்கில் ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் மேக்கில் இந்த வரியை ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்:

```
for f in *.mp4; do ffmpeg -i "$f" -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k "cfr_$f"; done
```

ஒரே கோப்புக்காக இதைப் பழக நினைப்பவருக்கு என் பதில்: வேண்டாம், ஹேண்ட்பிரேக்குக்குப் போங்கள்.

## எடிட்டரே மாற்றித் தருவது

ஷாட்கட் என்ற இலவச எடிட்டரில் மாறும் ஃபிரேம் ரேட் கோப்பைத் திறந்தாலே, இதை எடிட் செய்ய நம்ப முடியாது, மாற்றட்டுமா என்று கேட்கும். `Convert to Edit-friendly` என்ற பெயரில் மூன்று தரம் காட்டும். கேடென்லைவும் இதேபோலக் கேட்கிறது. எடிட்டரும் மாற்றியும் ஒரே இடத்தில் இருப்பதால் `Peak Framerate` பள்ளம் இங்கே கிடையாது. காலக்கோட்டில் உருட்டும்போது கணினி திணறுவதும் குறையும்.

விலை வட்டில்தான். கீழ்த் தரத்துக்கு மேலே போனால் நிமிடத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகலாம். அத்தானின் 20 நிமிடக் கோப்பு அசலில் இரண்டரை ஜிபி. நடுத்தரத்தில் மாற்றினால் 20 ஜிபியைத் தாண்டும். அவருடைய மடிக்கணினியில் மிச்சம் இருந்தது 31 ஜிபி. நிறம் திருத்தி, இரண்டு கேமராவை அடுக்கி, தலைப்பு போட்டு ஒழுங்காக ஒரு குறும்படமாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த விலையைக் கொடுக்கலாம். வெறுமனே வெட்டுவதற்கு வேண்டாம். பிரீமியர் புரோவிலும் மாறும் ஃபிரேம் ரேட்டைக் கையாள `Preserve Audio Sync` உண்டு. சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர்கள் தனியாக மாற்றும் முன் அதை முயலலாம்.

## வெட்டி முடித்த பிறகு மாற்றினால்?

ஆகாது. எடிட்டர் ஏற்றுமதி செய்த கோப்பு ஏற்கெனவே நிலையான ஃபிரேம் ரேட்தான். மீடியாஇன்ஃபோவும் `Constant` என்றே சொல்லும், ஆனால் தவறு அதற்குள் உறைந்துபோயிருக்கும். அசலுக்குப் போய், மாற்றி, மறுபடி வெட்ட வேண்டும். அசலை அழித்துவிட்டவர்களுக்கு மட்டும் ஒரு வழி: உங்கள் துண்டு முழுவதும் சீரான வெளிச்சப் பகுதிக்குள் இருந்தால் விலகல் ஒரே அளவாக இருக்கும், ஒலியை நகர்த்தினால் போதும். அத்தானின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒலி நாலு விநாடி முன்கூட்டியே கேட்கும்படி நகர்த்தியதும் உட்கார்ந்துவிட்டது. அந்தத் தெம்பில் முழு வர்ணத்துக்கும் அதையே செய்யப் பார்த்தார்; முதல் 12 நிமிடம் நாசம்.

## அடுத்த முறை எடுக்கும்போதே

ஐபோன் என்றால் `Settings`, `Camera`, `Record Video` போய் `Auto FPS`-ஐ நிறுத்துங்கள். இருட்டில் 24-க்கு இறங்காது. முழுக்க நிலையாகிவிடாது, பெரிய பள்ளம் மட்டும் போகும். ஷட்டரையும் வேகத்தையும் பூட்டும் பிளாக்மேஜிக் கேமரா செயலி ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசமாக இருக்கிறது. அதில் நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் என்று பூட்டினால் சமூக மன்றத்தின் குழல்விளக்கில் கோடுகள் ஓடலாம். 25 ஃபிரேமும் 1/50-உம் வைத்தால் அமைதியாக இருக்கும். அப்போது மாற்றும்போதும் 30-க்குப் பதில் 25 கொடுக்க வேண்டும். பூட்டியதற்கான விலை, நீல விளக்கு வந்தால் படம் இருண்டு, புள்ளி விழும். ஒத்திசைவு வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்று அந்த இடத்தில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடனம் என்றால் நான் ஒத்திசைவைத்தான் எடுப்பேன்.

அத்தானுக்கு என்ன செய்தேன்? முழு வர்ணமும் பேரப்பிள்ளைகளுக்காக வைத்திருக்கப்போவது, தலைப்பு மட்டும்தான் சேர்க்கிறார். ஆகவே ஹேண்ட்பிரேக், `Constant Framerate`, 30, RF 18. வீவக வீட்டுக் கூடத்தில் பழைய மடிக்கணினி ஒன்றரை மணி நேரம் விசிறியை அலறவிட்டது. முடிந்ததும் வி.எல்.சி.யில் திறந்து மூன்று இடத்தில் நிறுத்தினேன்: 2-வது நிமிடம், நீல விளக்கு முடிந்தவுடன் 12:30, கடைசித் தீர்மானம். ஒவ்வொன்றிலும் `E` விசையைத் தட்டித்தட்டி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, பாதம் தரையைத் தொடும் ஃபிரேமைக் குறித்துக்கொண்டு, பிறகு ஓடவிட்டுக் கேட்டேன். 12:30-இல் அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தா தெய் தெய் தா. கால், தாளம், கால், தாளம். "இப்ப டீச்சருக்கு அனுப்பலாமா?" என்றார். அசல் கோப்பை வெளி வட்டில் பத்திரப்படுத்திய பிறகு அனுப்பச் சொன்னேன்.